ஐந்து வீட்டுக்கு ஒரு காக்கா

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளையை வளர்த்து, ஆளாக்கி, கலியாணம் முடித்து, மனைவியின் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கல்முனைக் கரையோரம் முழுக்க இதுதான் நடைமுறை. வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும் முன்பே வீட்டு வளவை நான்காகப் பிரித்து, ராத்தாமாரான என் மூன்று அக்காமாருக்கும் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கென்று வைத்திருந்த கடைசி வீட்டில் உம்மாவும் நானும் இருந்தோம். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நான்கு வீட்டிலும் பசிக்கும். ஒரு வீட்டுச் சண்டையில் மற்ற மூன்று வீடும் தீர்ப்புச் சொல்லும்.

எங்களுக்கு ஒரேயொரு அண்ணன், காக்கா என்போம். பாலமுனையில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்தார். மனைவியின் சீதன வயலைச் செய்துகொண்டிருந்தவர், ஒரு விதைப்புக் காலத்தில் வயல் வட்டைக்குப் போகும் வழியில் மிதிவெடியில் கால் வைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் தப்பியதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். பிறகு, உயிர் தப்பியவருக்குச் சோறு மட்டும் போதாது என்று மெதுவாகத்தான் விளங்கியது.

கொழும்பில் பொய்க்கால் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் மிஞ்சியிருந்த கால் மெலிந்து, அது நுழையும் பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்து, உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. கிண்ணத்தை மாற்ற மறுபடி கொழும்புக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அம்பாறை வழியாகக் கொழும்புக்குப் போவது என்றால் எத்தனையோ காவலரண்கள். ஒவ்வொன்றிலும் எல்லாரையும் இறக்குவார்கள். காக்காவிடம் மட்டும் காலைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். உள்ளுக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு தடவை போய் வந்தவர், "இனி ஏலாது. புண்ணோடயே இரிக்கன்" என்று சொல்லிவிட்டார். பொய்க்காலைப் பெருநாளுக்கும் ஜும்ஆவுக்கும் மட்டும் போட்டார். மற்ற நாட்களில் கட்டை ஊன்றி நடந்தார். சேற்றில் கட்டை ஊன்றி வயல் செய்ய முடியுமா? வயல் குத்தகைக்குப் போனது.

இப்படி இருக்கையில்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, கால் இழந்தவர்களுக்காகக் கிழக்கில் ஒரு பட்டறை போட யோசித்தது. கால் செய்யவும், தளர்ந்தால் திருத்தவும் அதிலேயே ஆட்கள் இருப்பார்கள். கரையோரத்தில் இப்படியானவர்கள் எத்தனை பேர் என்று முதலில் மதிப்பிட வேண்டும். அவர்கள் வைத்திருந்த எண்ணிக்கைக்கு மேல் வந்தால் பட்டறை கல்முனையில். வராவிட்டால் வேறு எங்காவது. உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டு வீட்டில் குந்தியிருந்த எனக்கு, அந்தக் கணக்கைப் போடும் வேலை. கல்குலேட்டரையும் மேசையையும் தந்தார்கள். காக்காவுக்குப் பக்கத்திலேயே கால் வரப்போகிறது, அதுவும் என் கையால் வரப்போகிறது என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

முறையைச் சொல்லித்தரக் கொழும்பிலிருந்து ஒரு புள்ளிவிபர நிபுணர் வந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகக் கதைப்பார், பிளேன்டீயை ஆறவிட்டுக் குடிப்பார். அவர் சொன்னது இதுதான். கால் இழந்தவர்கள் ஊரில் அரிது. சில ஒழுங்கைகளை, சின்னத் தெருக்களை, தெரிவு செய்து வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் அகப்படுபவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்துக் கரையோரம் முழுவதையும் மதிப்பிட முடியாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உங்கள் வீட்டில் யாரும் உண்டா என்பதோடு, உங்கள் பிள்ளைகளில், கூடப் பிறந்தவர்களில் யாரும் உண்டா என்றும் கேட்க வேண்டும். ஆள் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. அப்போது ஒரு ஆளைப் பல வீடுகள் சொல்லலாம். அதற்காக, சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும், அவரைச் சொல்லக்கூடிய வீடுகள் மொத்தம் எத்தனை என்றும் கேட்டு எழுத வேண்டும். அவருடைய சொந்த வீடு, தாய் தகப்பன் வீடு, கூடப் பிறந்தவர்களின் வீடுகள். ஐந்து வீடு என்றால், எந்த வீடு சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் பெறுமதி.

எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இது விளங்கவில்லை. நான் குர்பான் மாட்டைச் சொல்லி விளக்கினேன். ஏழு வீடு பங்கு சேர்ந்து ஒரு மாடு அறுக்கிறோம். வீடு வீடாகப் போய் எத்தனை மாடு அறுத்தீர்கள் என்று கேட்டால் ஏழு வீடும் ஒரு மாடு என்று சொல்லும். கூட்டினால் ஏழு மாடு, பொய்க்கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழில் ஒன்று என்று எழுதினால், ஏழையும் கூட்டும்போது ஒரு மாடு வந்துவிடும். ஏழு வீட்டில் மூன்று வீட்டைத்தான் கேட்டோம் என்றாலும் பயமில்லை. கேட்காத வீடுகளுக்கும் சேர்த்துத்தான், கேட்ட ஒவ்வொரு வீட்டையும் பல வீடாக எண்ணுகிறோம். நிபுணர் தலையாட்டினார். அந்த மாட்டைத் தனக்குத் தருமாறு கேட்டார், வேறு ஊரில் சொல்ல. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அலுவலகத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். நாங்கள் சேர் என்போம். கை சுத்தமானவர். அலுவலகத்துப் பேனையை வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். முன்பு நிவாரண அரிசி கொடுத்த காலத்தில் இந்தக் கரையோரப் பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் இருந்ததாக, பெரிய அதிகாரி ஒருவர் கூட்டத்தில் வைத்து அவரை எழுப்பிக் கேட்டிருக்கிறார். அந்த அவமானம் அவருடைய நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆகவே இந்த முறை ஒரு பெயர்கூடக் கூடிப் போகக்கூடாது என்று நின்றார்.

தெரிவான ஒழுங்கைகளில் எங்கள் ஒழுங்கையும் ஒன்று. தெரிவான ஒழுங்கையில் எல்லா வீட்டையும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு என்னை அனுப்பவில்லை, பாண்டிருப்பிலிருந்து வந்த பிள்ளை போனாள். ராத்தாமார் மூவரும் உம்மாவும் காக்காவைச் சொல்லியிருந்தார்கள். நான்கு வீட்டிலும் ஒரே பெயர், ஒரே கால், சொல்லக்கூடிய வீடு ஐந்து. மூத்த ராத்தா பிள்ளைக்கு வட்டிலப்பமும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வேறு ஊரில் என்றால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அங்கே கூடப் பிறந்தவர்கள் நாலா பக்கமும் சிதறிப் போயிருப்பார்கள். ஒருவர் வீடு தெரிவானால் மற்றவர் வீடு தெரிவாகாது. எங்கள் கரையில் சகோதரிகள் வேலிக்கு வேலி இருக்கிறார்கள். தெரிவானால் எல்லா வீடும் சேர்ந்தே தெரிவாகும். சேர் எங்கள் ஒழுங்கையின் படிவக் கட்டைப் புரட்டியதும் ஒரே பெயர் அடுத்தடுத்து நான்கு தடவை வந்தது. அடுத்த ஒழுங்கையில் வேறு ஒருவர் மூன்று தடவை. அதற்கடுத்ததில் இன்னொருவர் ஐந்து தடவை. சேரின் முகம் இருண்டுவிட்டது.

சிவப்புப் பேனையை எடுத்தார். ஒருவருக்கு ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றைக் குறுக்கே வெட்டத் தொடங்கினார்.

"சேர், வெட்டக் கூடா. வகுக்கிறதுதான் அதுக்குப் பரிகாரம்," என்றேன்.

"வகுக்கிறது வேற, வெட்டுறது வேற. ஒரே ஆள நாலு தரம் அனுப்பினா கொழும்பில என்ன சொல்லுவாங்க? திரும்பவும் நிவாரணக் கள்ளங்க எண்டுதானே?"

"ஒவ்வொரு தரமும் அஞ்சில ஒண்டுதான் சேர் போகுது. நாலு வீடும் சொன்னா அஞ்சில நாலு. மூண்ட வெட்டிப்போட்டு மிச்சத்தையும் அஞ்சால பிரிச்சா, ஒரு மனிசன்ட கால்வாசியும் மிஞ்சாது. மாட்டுக் கதையில நாலு வீடு சொன்ன பங்க ஒரு வீட்டுப் பங்காக்கின மாதிரி."

அவர் பேனையை நிறுத்தி நிமிர்ந்தார். அவருக்கு விளங்கியது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மாட்டுக் கதை விளங்குது மகள்," என்றார். "ஆனா இது உங்கட காக்கா."

அவர் ஏசவில்லை, தகப்பனைப் போல இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் என்னை அடித்துப் போட்டது. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். நான் என்ன சொன்னாலும் அது தங்கச்சியின் கதை. கணக்கைச் சொன்னாலும் தங்கச்சி, நீதியைச் சொன்னாலும் தங்கச்சி. மற்ற ஒழுங்கைகளையும் வெட்டுகிறீர்களே, அவர்களெல்லாம் எனக்கு யார் என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே புள்ள, அதான் நீதி," என்றார். வெட்டியதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்றும் சொன்னார். மாட்டேன் என்றேன். போடாவிட்டால் வேறு பிள்ளை போடும் என்றார். அந்தப் பிள்ளை போட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கத் தபாற்கந்தோரில் போய்ப் போய் நின்றேன். ஒரு நாள் லைன் இல்லை, ஒரு நாள் ஹர்த்தால், ஒரு நாள் கிடைத்தபோது நிபுணர் வன்னிப் பக்கம் போயிருந்தார். கடிதம் எழுதினேன். எழுதும்போது, கடைசி வரியில், கால் இழந்தவர்களில் ஒருவர் என் காக்கா என்பதையும் எழுதினேன். சொல்லாமல் விட்டுப் பிறகு அது தெரியவந்தால் எல்லாமே பொய்யாகிவிடும் அல்லவா. எழுதிவிட்டு, இந்த வரியோடு இவரும் என்னை இரக்கமாகப் பார்ப்பார் என்று நினைத்தபடியே உறையை ஒட்டினேன்.

மொத்தம் போடப்பட்டது. அவர்கள் வைத்திருந்த எண்ணிக்கையை எங்கள் கரையோரம் எட்டவேயில்லை. சேர் அறிக்கையில் கையெழுத்து வைத்தபோது, "ஒருத்தரும் எங்களக் குறை சொல்ல ஏலாது," என்றார். உண்மைதான், ஒருவரும் சொல்லவில்லை.

நிபுணர் என் கடிதம் கிடைத்துக் கல்முனைக்கு வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. சேருக்கு முன்னால் கட்டுகளை விரித்து, சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய பிளேன்டீ தொடாமலே கிடந்தது.

"ஒரு ஒழுங்கையில கூடி விழும், இன்னொரு ஒழுங்கையில ஒண்டும் விழாது. எல்லா ஒழுங்கையும் சேர்ந்துதான் சமன் வரும். நீங்கள் கூடி விழுந்ததை மட்டும் வெட்டிப்போட்டீங்கள் சேர்," என்றார். "விழாத இடத்தில கூட்டிப் போட்டீங்களா? இல்லையே."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். நிபுணர் வெட்டியவற்றையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார். எண்ணிக்கை தாண்டியது. நான் சொன்னது சரியென்று என்னிடம் சொல்லவும் செய்தார். திருத்திய கணக்கை நிறுவனத்துக்கு அனுப்பினார். மரியாதையான பதில் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் பணம் வேறு மாவட்டத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது, அங்கே கட்டடம் எழும்புகிறது. எங்களுக்காக வருடத்தில் இரண்டு தடவை ஒரு வாகனம் வந்துபோகும்.

கணக்குச் சரி என்றான பிறகும் கால் வரவில்லை. இதைக் காக்காவிடம் சொல்ல நான் பாலமுனைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "வாகனம் வருமெண்டா நல்லந்தானே," என்றார். அந்த வாகனம் வந்த முதல் தடவை கிண்ணத்துக்கு அளவெடுத்தார்கள். அடுத்த தடவை கிண்ணத்தோடு வந்தபோது கால் இன்னும் மெலிந்திருந்தது. மறுபடி அளவெடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் போடுவது? அவர்களும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். எங்கே திரும்பினாலும் நல்ல மனிதர்கள். காக்காவின் புண் மட்டும் ஆறவில்லை.

இதற்குள் ஊரில் கதை வேறு விதமாகப் பரவிவிட்டது. ஒரு கலியாண வீட்டில் சேர் யாரிடமோ மனவருத்தத்தோடு சொல்லியிருக்கிறார், ஒரே ஆளை நாலு வீட்டிலும் சொன்னதால் வந்த குழப்பம் என்று. அது பலர் கூடிச் சாப்பிடும் சோற்றுச் சகனைச் சுற்றி வந்து, மூத்த மச்சானிடம் ஏறி, ராத்தாவிடம் இறங்கியது. ஒரு நாள் நான் போனபோது மூன்று ராத்தாமாரும் ஒன்றாகக் குந்தியிருந்தார்கள். மூத்தவரின் கண் வீங்கியிருந்தது.

"நாங்க நாலு வீட்டிலயும் சொன்னதாலதானே புள்ள காக்காக்குப் பட்டற வராமப் போன?"

"இல்ல ராத்தா. நீங்க சொன்னதுதான் சரி. வெட்டினதுதான் பிழ."

"ஒரு ஆள ஒரு தரம் சொல்லியிருந்தா ஏன் வெட்டுறாங்க?"

நான் உட்கார்ந்து, மாட்டைக் கொண்டுவந்து, ஏழாகப் பங்கு போட்டு, மறுபடி கூட்டிக் காட்டினேன். ராத்தா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் தலையைத் தடவினார்.

"எங்கட மனம் நோகப்படாதெண்டு சொல்ற. படிச்ச புள்ள நீ. விளங்குது."

அதன் பிறகும் எத்தனை தடவை சொன்னேனோ. சொல்லச் சொல்ல, நான் அவர்களைத் தேற்றுகிறேன் என்ற எண்ணம்தான் அவர்களுக்கு உறுதியானது. அலுவலகத்தில் தங்கச்சி என்பதால் என் கணக்கு எடுபடவில்லை. வீட்டிலும் அதே தங்கச்சிதான்.

அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் வந்தது. அதே கேள்வி, அதே முறை, இந்த முறை நிபுணரே நேரில் நின்று நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். வெட்டுகிற கை இல்லை. பட்டறை பற்றிய பேச்சும் மறுபடி அடிபட்டது. எங்கள் ஒழுங்கை திரும்பவும் தெரிவாகியிருந்தது, பாலமுனை தெரிவாகவில்லை. நான் அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சந்தோஷத்தில், இந்த முறை எல்லா வீட்டிலும் சொல்லுங்கள் என்று ராத்தாமாரிடம் சொல்லி வைத்தேன். ஓம் ஓம் என்றார்கள்.

எழுதும் பிள்ளை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. காக்கா ஜும்ஆ முடிந்து உம்மாவைப் பார்க்க வந்து, முற்றத்தில் கதிரையில் இருந்து பொய்க்காலைக் கழற்றிப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் மூத்த ராத்தா அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் குரல் கேட்டது.

"இல்ல தங்கச்சி. எங்கட கூடப் பொறந்த ஆக்கள்ல அப்பிடி ஒருத்தரும் இல்ல."

நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழும்பினேன். அதற்குள் இரண்டாவது வீடு. "கால் இல்லாத ஆள் எங்கட குடும்பத்தில இல்ல." மூன்றாவது வீட்டில் ராத்தா தலையை மட்டும் ஆட்டியிருக்க வேண்டும், சத்தம் கேட்கவில்லை. காக்கா மருந்து போட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாரத்தை இழுத்துக் காலை மூடி, பொய்க்காலைக் கதிரைக்குப் பின்னால் தள்ளினார்.

பிள்ளை எங்கள் படலையைத் திறந்து வந்து உம்மாவிடம் கேட்டாள். உம்மா காக்காவைப் பார்த்தார். "இல்ல மகள்," என்றார்.

"நீங்க இந்த வீட்டு ஆளா?" என்று பிள்ளை காக்காவிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"இல்ல மகள். நான் பாலமுனை. சும்மா வந்த."

நான் அவள் பின்னால் ஒழுங்கைக்கு ஓடினேன். அவர் என் காக்கா, கால் இல்லை, நான்கு வீடும் சொல்ல வேண்டும், எழுதுங்கள் என்றேன். அவள் பாவம், பயந்துபோனாள். வீட்டுக்குப் பெரியவர் சொல்வதைத்தான் எழுதலாம் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். நான்கு வீட்டிலும் பெரியவர்கள் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். திரும்பி உம்மாவிடம் கேட்டுவரச் சொன்னேன். வந்தாள், கேட்டாள். உம்மா மறுபடியும் இல்லை என்றார். வேலிக்கு மேலால் மூத்த ராத்தா, "அவ கணக்குப் படிச்சுக் குழம்பின புள்ள, நீங்க போங்க," என்றார்.

பிள்ளை போய்விட்டாள். காக்கா பொய்க்காலை எடுத்து, வார்களை இழுத்து மாட்டினார். வலித்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்து, சின்ன வயதில் எனக்கு ஏதாவது வாங்கி வந்துவிட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"பாலமுனைக்கு வந்தா நானே ஒரு தரம் சொல்றன். இந்த முற கணக்குக் குழம்பாதுதானே தங்கச்சி?"

"ஓம் காக்கா," என்றேன்.